பூட்டைத் திறக்காமல் பொத்தானை அழுத்த முடியுமா?

"ரேக்கைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டால் சுவிட்சின் பாதுகாப்பு அதோடு முடிந்தது. கன்சோலுக்குக் கடவுச்சொல் போடுவது, மோடு பொத்தானை முடக்குவது, காலி போர்ட்டுகளை அடைப்பது எல்லாம் தேர்வுக்குப் படிப்பவர்களின் வேலை."
— பூட்டுச்சாவி, நேற்றைய இழையில்

பழைய கன்சோல்:
இந்த வரியை நேற்று இரவு படித்தேன்; இன்னும் செரிக்கவில்லை.

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் 9 யூ சுவர் ரேக் ஒன்று இருந்தது. கண்ணாடிக் கதவு எப்போதும் பூட்டியே இருக்கும். சாவி ரேக்கின் தலைக்கு மேல் ஓர் ஆணியில் தொங்கும். உள்ளே சிஸ்கோ 2960 சுவிட்சுகள் இரண்டு, ஒரே பவர் ஸ்ட்ரிப்பில். ஒரு சனிக்கிழமை மாலை கீழ் சுவிட்சின் மேலாண்மை முகவரிக்குப் பிங் போகவில்லை, ஆனால் அதில் செருகியிருந்த ஆய்வகக் கணினிகள் ஒரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருந்தன. கோர் சுவிட்சின் பதிவைப் பார்த்தால் அந்த அப்லிங்க் 6.10க்கு விழுந்து 6.16க்கு எழுந்திருக்கிறது. மின்வெட்டு என்று எல்லோரும் கையைக் கழுவினார்கள். நான் மேல் சுவிட்சில் `show version` கொடுத்துப் பார்த்தேன். அது 211 நாள்களாக அணையவே இல்லை. ஒரே ஸ்ட்ரிப்பில் ஒன்றுக்கு மட்டும் மின்வெட்டு வருமா?

நடந்தது இதுதான். யாரோ பவர் ஒயரை உருவி, சுவிட்சின் முகப்பிலுள்ள மோடு பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே திரும்பச் செருகியிருக்கிறார். சுவிட்ச் முழுதாக எழாமல் பூட் லோடரில் நின்றுவிடும். அங்கே மூன்று வரி போதும்.

```
switch: flash_init
switch: rename flash:config.text flash:config.old
switch: boot
```

கட்டமைப்புக் கோப்பின் பெயர் மாறிவிட்டதால் சுவிட்ச் கடவுச்சொல்லே கேட்காமல் எழுந்து நிற்கும். பிறகு பெயரைப் பழையபடி மாற்றி, கோப்பை ஓடும் கட்டமைப்பில் ஏற்றிவிட்டால் எல்லாம் முன்போலவே இருக்கும், உள்ளே நிற்பவர் மட்டும் வேறு ஆளாக இருப்பார். இந்த வழியில் ஏற்றும்போது, மேலாண்மை முகவரி இருக்கும் விலான் 1இன் இடைமுகம் அணைந்த நிலையிலேயே நின்றுவிடுவது உண்டு. வந்தவர் அதற்கு `no shutdown` கொடுக்க மறந்துவிட்டார். அதனால்தான் பிங் போகவில்லை. மறக்காமல் கொடுத்திருந்தால் எனக்கு இன்று வரைக்கும் தெரிந்திருக்காது.

பூட்டுச்சாவி:
மிக்க நன்றி ஐயா, என் வாதத்தை நீங்களே நிறுவிவிட்டீர்கள். சாவியை ஆணியில் தொங்கவிட்டது பூட்டின் குற்றமா? பூட்டைத் திறக்காமல் அவரால் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்க முடியுமா? இதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லுங்கள்.

தேன்மொழி:
பூட்டு வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஒரே நிறுவனத்தின் ரேக் நான்கு வாங்கினால் நான்கிற்கும் ஒரே சாவி பொருந்துவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஏசி பழுது பார்ப்பவரும் கேபிள் இழுப்பவரும் அதே ரேக்கை நம் கண் முன்னாலேயே திறக்கிறார்கள். அவர்களுக்குப் பொத்தான் கூடத் தேவையில்லை. எங்கள் அலுவலகத்தில் முன்பிருந்தவர் கன்சோலில் `exec-timeout 0 0` என்று போட்டுவைத்திருந்தார். அவர் என்றோ உள்ளே நுழைந்து, வெளியேறாமல் கேபிளை மட்டும் உருவிக்கொண்டு போயிருக்கிறார். மாதக் கணக்கில் கழித்து நான் கேபிளைச் செருகி என்டர் தட்டியதும் கடவுச்சொல் கேட்காமல், முழு அதிகாரத்தைக் காட்டும் `#` குறி வந்து நின்றது. எதுவும் போடாமல் விட்டிருந்தால்கூடப் பத்து நிமிடத்தில் அது தானே வெளியேற்றியிருக்கும்.

பூட்டுச்சாவி:
கன்சோல் கதை தனி. நான் கேட்டது பொத்தானைப் பற்றி. பூட்டைத் திறக்காமல் அழுத்த முடியுமா, முடியாதா?

பழைய கன்சோல்:
முடியும். கேபிளே அழுத்தும்.

2013இல் சிஸ்கோ நிறுவனமே வெளியிட்ட களக் குறிப்பு ஒன்று உண்டு. கேட்டலிஸ்ட் 3650, 3850 வரிசைகளின் 48 போர்ட் மாதிரிகளில் மோடு பொத்தான் முதல் போர்ட்டுக்கு நேர் மேலே அமைந்திருந்தது. சில கேபிள்களில் கிளிப் உடையாமலிருக்க ரப்பர் உறை ஒன்று துருத்திக்கொண்டிருக்கும் அல்லவா, அத்தகைய கேபிளை முதல் போர்ட்டில் செருகினால் அந்த உறை பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். சில நொடிகளில், புதுச் சுவிட்சை அமைப்பதற்கான எக்ஸ்பிரஸ் செட்டப் தூண்டப்பட்டு, சுவிட்ச் எதிர்பாராமல் ரீசெட் ஆகும். வேறு கேபிள் போடுங்கள், அல்லது உறையை வெட்டுங்கள், அல்லது `no setup express` கொடுங்கள் என்பதே தீர்வு. திருடனும் இல்லை, சாவியும் இல்லை. ரேக்கின் கதவைப் பூட்டிவிட்டு நீங்கள் வீட்டில் உறங்கிக்கொண்டிருக்கலாம்.

பூட்டுச்சாவி:
அது வடிவமைப்புக் கோளாறு. பாதுகாப்போடு அதற்கு என்ன தொடர்பு? மேலும் அந்தக் கேபிளைச் செருகியவர் பூட்டைத் திறந்துதானே செருகினார்?

பழைய கன்சோல்:
வழக்கறிஞராகியிருக்க வேண்டியவர் நீங்கள். சென்ற ஆண்டு விடிபி இழையிலும் இப்படித்தான் கடைசி வரை ஒரே வாக்கியத்தைப் பிடித்துத் தொங்கினீர்கள்.

பூட்டுச்சாவி:
விடிபி இழையில் நான் சொன்னதுதான் சரி. வேண்டுமானால் போய்ப் படியுங்கள்.

கடைவீதி ராஜா:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும் அண்ணா. என் கடையில் எட்டு போர்ட் பிளாஸ்டிக் சுவிட்ச் ஒன்று உள்ளது. அதில் பொத்தானே காணோம். பக்கத்திலிருக்கும் ரவுட்டரில் மட்டும் ஊசித் துளை ஒன்று இருக்கிறது. என் மகன் அதில் குச்சியை விட்டுவிட்டான். அன்றிலிருந்து வைஃபையின் பெயர் மாறிவிட்டது. இதற்கும் அந்த `no setup express` கட்டளை கொடுத்தால் சரியாகுமா?

தேன்மொழி:
ராஜா அண்ணா, அந்தச் சுவிட்சில் கட்டமைக்கவே எதுவும் கிடையாது. அதனால் அழிப்பதற்கும் எதுவும் கிடையாது. ரவுட்டர் ஆலை நிலைக்குத் திரும்பிவிட்டது. அதன் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்து நுழைந்து, முதல் வேலையாக இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

பூட்டுச்சாவி:
ரவுட்டரை ஓர் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தால் குச்சி போயிருக்குமா என்று அவரையே கேளுங்கள்.

சரி, தொழில்நுட்பமாகவே பேசுவோம். ஒருவன் ரேக்கைத் திறந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அவன் ஏன் பவரை உருவ வேண்டும், பொத்தானைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்? அப்லிங்க் கேபிளைக் கழற்றித் தன் மடிக்கணினியில் செருகினால் ட்ரங்கில் வருகிற விலான்கள் எல்லாம் அவன் மடியில் வந்து விழும். அதை உங்கள் கட்டளைகளில் எது தடுக்கும்? ஆகவே பூட்டுதான்.

பழைய கன்சோல்:
முதன்முறையாக ஒரு நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அதன் முதல் பாதி சரி. அப்லிங்கைக் கழற்றுபவரை அந்தச் சுவிட்சிலுள்ள எந்த வரியும் தடுக்காது. ஆனால் கழற்றியதும் கீழேயுள்ள அத்தனை பேருக்கும் இணைப்பு அறுந்து, ஐந்து நிமிடத்தில் தொலைபேசி அலறத் தொடங்கிவிடும். பொத்தான் வழியாக வருபவருக்கோ ஆறு நிமிட 'மின்வெட்டு' போதும்; அதன் பிறகு மாதக் கணக்கில் அவர் உள்ளேயே இருக்கலாம், ஒருவரும் தேட மாட்டார்கள். என் கல்லூரிக் கதை அதுதான். கட்டமைப்புக் கோப்பையும் அவர் ஆற அமர வாசிக்கலாம். டைப் 7 கடவுச்சொற்களை நொடியில் திருப்பி எடுத்துவிடலாம். எஸ்என்எம்பி சொல் அப்படியே எழுத்தில் கிடக்கும். ஒரு சுவிட்சில் கிடைத்த சொல் மற்ற முப்பதிலும் செல்லுபடியாகிற இடங்களை நீங்களும் அறிவீர்கள்.

இதற்குத்தான் `no service password-recovery`. அதைப் போட்ட 2960இல் பொத்தானைப் பிடித்தால், கட்டமைப்பை அழித்து ஆலை நிலைக்குப் போகச் சம்மதமா என்று கேட்கும். சம்மதம் என்றால் config.text கோப்பும் vlan.dat கோப்பும் போய்விடும். வந்தவருக்கு வெற்றுப் பெட்டி கிடைக்கும். நம் ரகசியம் கிடைக்காது.

தேன்மொழி:
அந்த வெற்றுப் பெட்டியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். காலி போர்ட்டுகளுக்கு நான் வழக்கமாகப் போடுவது இது.

```
interface range fa0/13 - 24
 switchport mode access
 switchport access vlan 999
 shutdown
```

ஆலை நிலையில் இது எதுவும் இருக்காது. 24 போர்ட்டும் விழித்துக்கொண்டு விலான் 1இல் நிற்கும். அதாவது நான் அடைத்துவைத்த கதவுகளை அந்த ஒரு பொத்தான் மொத்தமாகத் திறந்துவிடுகிறது. மேலே கோர் சுவிட்சில் நேட்டிவ் விலான் 1 ஆகவும், மேலாண்மையும் அதே விலானில் இருப்பதாகவும் வைத்துக்கொண்டால், வந்தவர் செருகிய மடிக்கணினி நேராக மேலாண்மை வலையில் போய் நிற்கும். ஆகவே பழைய கன்சோல் ஐயா சொல்வதும் பாதிதான். ரகசியம் காப்பாற்றப்படுகிறது, வலை காப்பாற்றப்படுவதில்லை.

பழைய கன்சோல்:
அம்மணி, வலையைக் காப்பது கோர் பக்கத்து வேலை என்று நானே சொல்லவிருந்தேன். கோர் சுவிட்சின் ட்ரங்கில் `switchport trunk allowed vlan 10,20` என்று எண்ணிக் கொடுத்து, நேட்டிவ் விலானை 1இலிருந்து மாற்றிவிட வேண்டும். பட்டியல் கொடுக்காமல் விட்டால் எல்லா விலான்களும் ட்ரங்கில் இறங்கும். கொடுத்துவிட்டால், கீழே எத்தனை முறை பொத்தானை அழுத்தினாலும், அப்லிங்கையே கழற்றிச் செருகினாலும், 10, 20க்கு மேல் ஒன்றும் கிடைக்காது. பூட்டுச்சாவியின் மடிக்கணினிக்கும் இதுவே பதில்.

தேன்மொழி:
சொல்லவிருந்ததாகச் சொல்வது எளிது, ஐயா. அந்த 10இல் என்ன ஓடுகிறது என்பதும் முக்கியம். பலருக்கு அதில்தான் கணக்குப் பிரிவு இருக்கிறது. இன்னொன்று, கட்டமைப்பின் நகல் வெளியே ஓரிடத்தில் இல்லாமல் `no service password-recovery` போடவே கூடாது. கடவுச்சொல்லை நாமே மறந்தாலும் அழிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. தொலைவில் இருக்கும் கிளையில் இப்படி ஒரு முறை நடந்து, பேருந்து பிடித்துப் போய் நினைவிலிருந்து ஒவ்வொரு போர்ட்டாக எழுதினேன்.

பூட்டுச்சாவி:
பார்த்தீர்களா? கட்டளை போட்டதால் பேருந்துச் செலவு. பூட்டு மட்டும் போட்டிருந்தால்?

பழைய கன்சோல்:
நகல் வைக்காதது அவருடைய தவறு. கட்டளை என்ன செய்யும்?

தேன்மொழி:
சாவியை ஆணியில் தொங்கவிட்ட கல்லூரிக்காரர் எனக்குத் தவறு கற்பிக்கிறார்.

பழைய கன்சோல்:
ஆணியை அடித்தது நானில்லை. அடுத்த திங்களே அதைப் பிடுங்கச் சொன்னேன். சாவிக்குப் பதிவேடும் போட்டேன். அதையும் மீறி இன்று வரை என் சுவிட்சுகளில் நான் சொன்ன அந்தக் கட்டளைகள் இருக்கின்றன, இருக்கும்.

பூட்டுச்சாவி:
ஆக, கடைசியில் நீங்களும் சாவியைத்தான் பத்திரப்படுத்தினீர்கள். என் கேள்வி இன்னும் நிற்கிறது. பூட்டைத் திறக்காமல் பொத்தானை அழுத்த முடியுமா?

தேன்மொழி:
இந்த இழையைப் படித்துவிட்டு இப்போதுதான் எங்கள் 6 யூ ரேக்கருகே போய் வந்தேன். முன் கதவு பூட்டியிருக்கிறது. சாவி என் மேசை இழுப்பறையில். இடப்பக்கத் தகட்டில் இரண்டு தாழ்கள் உள்ளன. ஐந்து ரூபாய் நாணயத்தால் திருப்பினேன். தகடு கையோடு வந்துவிட்டது. சுவிட்சின் இடது ஓரத்தில் மோடு பொத்தான். விரல் தாராளமாக எட்டுகிறது. பவர் ஒயரும் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில்தான்.

பூட்டுச்சாவி:
அது மட்டமான ரேக். பூட்டில் என்ன குறை?