"உரிய வழியாக அனுப்பவும்" என்று கடிதம் திரும்பி வந்துவிட்டது. என்ன செய்வது?

பூன்லேவாசி:
வணக்கம். நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். மனைவி தஞ்சாவூர்ப் பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர். மே மாத விடுமுறையில் இங்கே வந்து மூன்று வாரம் தங்க வேண்டும், அதற்குத் தடையின்மைச் சான்று வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று விண்ணப்பத்தை நேராக முதன்மைக் கல்வி அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒரு மாதம் கழித்து, "உரிய வழியாக வரப்பெறவில்லை" என்று எழுதித் திருப்பிவிட்டார்கள். கடிதத்தில் ஒரு குறையும் சொல்லவில்லை. அதே கடிதத்தைத் தலைமை ஆசிரியர் கையால் கொடுத்தால் மட்டும் என்ன மாறிவிடும்?

தேக்காநண்பர்:
அடுத்த முறை கூரியரில் அனுப்புங்கள் தம்பி. கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார்கள், திரும்பி வராது.

பூன்லேவாசி:
அண்ணே, போய்ச் சேராதது பிரச்சினை இல்லை. சேர்ந்த பிறகுதான் திருப்பினார்கள்.

உட்லண்ட்ஸ்_ராணி:
பெறுநர் முகவரிக்குக் கீழே "வழி: தலைமை ஆசிரியர்" என்று ஒரு வரி சேர்த்து, ஓரத்தில் அவருடைய கையெழுத்தும் முத்திரையும் வாங்கினால் போதும். என் தங்கை தற்செயல் விடுப்புக்கு அப்படித்தான் கொடுப்பாள்.

ஓய்வுபெற்ற_கண்காணிப்பாளர்:
ராணி சொல்வது பாதி சரி. "வழி" என்ற வரி கட்டாயம் வேண்டும். ஆனால் தற்செயல் விடுப்பு பள்ளிக்குள்ளேயே முடிகிற காரியம். மேலிடத்துக்குப் போகும் விண்ணப்பத்துக்கு ஓரக் கையெழுத்து போதாது, முகப்புக் கடிதம் வேண்டும். நான் முப்பது வருடம் தமிழ்நாட்டு அலுவலகங்களில் இந்தக் கடிதங்களைத்தான் பார்த்தேன். இப்போது மகள் வீட்டில், பீஷானில் இருக்கிறேன்.

தம்பி, உங்கள் மனைவியின் கடிதத்தில் இருப்பது அவர் சொல்லும் விவரம். முடிவெடுக்கும் அதிகாரிக்கு வேறு சில விஷயங்கள் தெரிய வேண்டும். அவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஆ)-இன்படி குற்றச்சாட்டு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா? அவர் போனால் வகுப்பு பாதிக்குமா? இதைப் பணிப்பதிவேட்டை வைத்திருக்கும் அலுவலகம்தான் சொல்ல முடியும். நேராக வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டாலும், குறிப்புரை கேட்டுக் கீழே பள்ளிக்குத்தான் அனுப்புவார்கள். அது மறுபடி மேலே ஏற வேண்டும். நீங்கள் மிச்சம் என்று நினைத்த நாள் அப்படித்தான் போகிறது.

தலைமை ஆசிரியரின் முகப்புக் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும். மேலே ந.க.எண் என்கிற அலுவலகப் பதிவு எண், நாள், பொருள். பார்வையில் உங்கள் மனைவியின் விண்ணப்ப நாள். அப்புறம்:

"இப்பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரியும் இவரது விண்ணப்பம் இத்துடன் இணைத்துப் பணிந்தனுப்பப்படுகிறது. விவரங்கள் பணிப்பதிவேட்டுடன் சரிபார்க்கப்பட்டன. இவர்மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நிலுவையில் இல்லை. பயணக் காலம் கோடை விடுமுறைக்குள் அடங்குவதால் கற்பித்தல் பணி பாதிக்காது. தடையின்மைச் சான்று வழங்கப் பரிந்துரைக்கப்படுகிறது."

கடைசி வரியை நன்றாகப் பாருங்கள். "பரிந்துரைக்கப்படுகிறது" என்பதற்குப் பதிலாக "தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது" என்று இருந்தால், அவர் தன் கருத்தைச் சொல்லவில்லை என்று பொருள். அது மறுப்பு இல்லை, ஆனால் மேலே இருப்பவர் "உங்கள் கருத்து என்ன?" என்று திருப்பிக் கேட்க இடம் கொடுக்கும். மாவட்டக் கல்வி அலுவலரும் தன் பங்குக்கு ஒரு முகப்புக் கடிதம் வைத்துத்தான் மேலே அனுப்புவார்.

பூன்லேவாசி:
இப்போது புரிகிறது ஐயா. ஆனால் நடுவில் யாராவது கடிதத்தை மேசையிலேயே வைத்துக்கொண்டால்?

ஓய்வுபெற்ற_கண்காணிப்பாளர்:
அதற்குத்தான் ந.க.எண். பள்ளியில் கொடுக்கும்போதே நகலில் பெற்ற கையெழுத்தும் தேதியும் வாங்கச் சொல்லுங்கள். முகப்புக் கடிதம் கிளம்பியதும் அதன் எண்ணையும் நாளையும் குறித்துக்கொண்டால், அடுத்த அலுவலகத்தில் அந்த எண்ணைச் சொல்லி எந்தப் பிரிவில் இருக்கிறது என்று கேட்கலாம். நேர்க் கடிதத்துக்கு உங்களிடம் இருப்பது தபால் ரசீது மட்டும்தான்.

ஜூரோங்_பொறியாளர்:
நான் தமிழ்நாட்டில் அரசுப் பொறியாளராக இருந்தபோது வேறு துறை வேலைக்கு விண்ணப்பித்தேன். என் மேலதிகாரி கடைசி நாள் தாண்டியும் அனுப்பவில்லை. அதற்குள் நான் முன்நகல் ஒன்றை நேராக அனுப்பியிருந்தேன், அதனால் பிழைத்தேன். நீங்களும் முன்நகல் அனுப்புங்கள்.

ஓய்வுபெற்ற_கண்காணிப்பாளர்:
கடைசி நாள் உள்ள வேலை விண்ணப்பத்துக்கு அது சரியான வழி. நகலின் மேல் "முன்நகல், மூலப்படி உரிய வழியாக அனுப்பப்பட்டுள்ளது" என்று எழுத வேண்டும். ஆனால் தடையின்மைச் சான்றுக்கு முன்நகலை வைத்து யாரும் உத்தரவு போட மாட்டார்கள்.

ஜூரோங்_பொறியாளர்:
உத்தரவு போடாவிட்டாலும், ஒரு விண்ணப்பம் வந்துகொண்டிருக்கிறது என்று மேலே தெரியுமே ஐயா. அதுவே நடுவில் இருப்பவரை நகர்த்தும்.

ஓய்வுபெற்ற_கண்காணிப்பாளர்:
நகர்த்தலாம். தலைமை ஆசிரியருக்கு மனத்தாங்கலும் வரலாம். அவருடன் உறவு எப்படி என்பதை அந்த ஆசிரியர்தான் எடை போட வேண்டும்.

பூன்லேவாசி:
மனைவியிடம் பேசினேன். பழைய கடிதத்தையே கொடுக்காமல், புதுத் தேதியில் எழுதி, "வழி" போட்டுத் திங்கட்கிழமை கொடுக்கிறார். முன்நகல் அனுப்புவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ந.க.எண் கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன்.