டையிங் யூனிட்டுக்குப் போகவேண்டிய மெயில்: செயலி மொழிபெயர்த்ததைத் திருத்த உதவி வேண்டும்

பனியன்கணக்கு:
வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். எங்கள் துணிக்குச் சாயம் போடும் டையிங் யூனிட்காரருக்குத் தமிழில் எழுதினால்தான் வசதி. எங்கள் முதலாளி ஆங்கிலத்தில் எழுதியதைச் செயலியில் போட்டு எடுத்து, எழுத்துப்பிழை மட்டும் பார்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். பிழை ஒன்றும் இல்லை, ஆனால் படித்தால் ஒட்டவே இல்லை. போன மாதம் இப்படி ஒரு மெயில் போனபோது அவர் போன் செய்து, "ஏம்மா, எனக்குப் பணம் தரமாட்டோம்னு சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டார். இன்று சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும்.

> அன்புள்ள ஐயா, இந்த அஞ்சல் உங்களை நன்றாகக் கண்டறியும் என நம்புகிறேன். சிறந்த பில்களின் அறிக்கையை இணைக்கப்பட்டுள்ளதில் கண்டறியவும். நிலுவையில் உள்ள நிறைய நிழல் ஒப்புதலுக்குப் பிறகு சமநிலை வெளியிடப்படும். மீதமுள்ள 320 கிலோவை வெள்ளிக்கிழமை மூலம் தயவுசெய்து அனுப்பவும். எந்தவொரு பற்றாக்குறையும் உங்கள் கணக்கில் பற்று வைக்கப்படும். உங்கள் பதிலை எதிர்நோக்குகிறோம்.

'சிறந்த பில்கள்' தவறு என்று எனக்கே தெரிந்தது. மூலத்தில் 'அவுட்ஸ்டாண்டிங் பில்ஸ்' என்று இருக்கிறது. மற்றதை எங்கே தொடுவது, எதை விடுவது என்று புரியவில்லை.

கோவைபம்ப்:
வேறு செயலிக்கு மாறிவிடுங்கள். எங்கள் பம்ப் கம்பெனியில் 'பிளான்ட் விசிட்' என்று எழுதினால் 'செடி வருகை' என்று வந்துகொண்டிருந்தது. மாற்றிய பிறகு 'ஆலை' சரியாக வருகிறது.

பனியன்கணக்கு:
எந்தச் செயலி நல்லது என்று கேட்கவில்லை அண்ணா. கையில் இருக்கும் இந்த மெயிலைச் சரிசெய்யத்தான் வழி கேட்கிறேன்.

சொல்தேடி:
எளிய வழி ஒன்று உண்டு. இந்தத் தமிழை மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள். எங்கே பொருள் மாறுகிறதோ அங்கேதான் தவறு. 'சிறந்த' என்பதை 'நிலுவை' என்று மாற்றுங்கள். 'பில்', 'அக்கவுண்ட்' போன்றவற்றையும் தமிழாக்கிவிட்டால் மெயில் நன்றாக இருக்கும்.

சாயப்பட்டறை:
பல வருஷம் மெர்ச்சண்டைசராக இருந்து, நிட்டிங், டையிங், காம்பாக்டிங் என்று எல்லா ஜாப் ஒர்க் யூனிட்டுக்கும் கடிதம் எழுதியிருக்கிறேன். சொல்தேடி சொன்ன வழியில் 'சிறந்த' மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் ஆங்கிலத்தில் அது வேறு சொல்லாகத் திரும்பி வரும். ஆனால் 'சமநிலை'யை மாற்றிப் பாருங்கள், 'பேலன்ஸ்' என்றே வரும். 'நிழல்' மறுபடி 'ஷேடு' ஆகலாம். 'வெளியிடப்படும்' மறுபடி 'ரிலீஸ்' ஆகும். ஆங்கிலத்தில் எல்லாம் பொருத்தமாகத் தெரியும், தவறு அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும். போன மாதம் உங்களை மாட்டிவிட்டதும் இந்த வகைச் சொல்லாகத்தான் இருக்கும்.

அதனால் முதல் தடவை ஆங்கிலத்தை மூடிவைத்துவிட்டு, டையிங்காரர் இடத்தில் உட்கார்ந்து தமிழை மட்டும் படியுங்கள். அவருக்கு 'நிழல்' என்றால் மரத்தடி நிழல், 'சமநிலை' என்றால் தராசு. அவர் பட்டறையில் நாள் முழுக்கப் புழங்குவது ஷேடு, லாட், பாக்கி. அந்தச் சொற்களையே போடுங்கள். உங்கள் மெயிலில் 'நிறைய' என்று வந்திருப்பதுகூட லாட்தான். ஒரே தடவையில் சாயம் போடும் துணியை நாம் லாட் என்கிறோம், ஆனால் 'லாட்' என்றால் ஆங்கிலத்தில் 'நிறைய' என்றும் பொருள் உண்டு, செயலி அதை எடுத்துக்கொண்டது. அதனால் ஒரு வரி முழுக்கக் குலைந்துவிட்டது.

'நிலுவை' நல்ல சொல், ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அடுத்த வரியில் இன்னும் முடியாத லாட்டுக்கும் 'நிலுவை' என்றே வந்திருக்கிறது. பணமும் நிலுவை, துணியும் நிலுவை என்றால் எது எது என்று அவர் தடுமாறுவார். பணத்துக்குப் பாக்கி, சரக்குக்கு மீதி என்று பிரித்து வைத்தால் குழப்பம் வராது.

அப்புறம் ஆங்கில மூலத்தைத் திறந்து கிலோ, நாள், யார் யாருக்குத் தர வேண்டும் என்ற மூன்றை மட்டும் ஒப்பிடுங்கள். 'வெள்ளிக்கிழமை மூலம்' என்பது 'வெள்ளிக்கிழமைக்குள்'. இதை 'வெள்ளிக்கிழமை வரை' என்று திருத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதுவும் தவறுதான். வெள்ளி வரை அனுப்பிக்கொண்டே இருங்கள் என்று ஆகிவிடும். 'சமநிலை வெளியிடப்படும்' என்பதில் பணம் என்ற சொல்லே இல்லை, தருவது யார் என்றும் இல்லை. 'பாக்கித் தொகையைத் தந்துவிடுகிறோம்' என்று எழுதினால் அவருக்கு அந்தச் சந்தேகமே வராது.

விறைப்பான நடையைச் சரிசெய்வது கடைசி வேலை. 'உங்களை நன்றாகக் கண்டறியும்' என்ற வரியைத் திருத்த வேண்டாம், எடுத்துவிடுங்கள். தமிழில் 'வணக்கம்' போதும். 'தயவுசெய்து' என்பதையும் எடுக்கலாம், 'அனுப்பிவையுங்கள்' என்பதிலேயே மரியாதை இருக்கிறது.

பனியன்கணக்கு:
ரொம்ப நன்றி சார். ஆங்கிலத்தை மூடிவைத்துப் படித்தபோது மூன்றாவது வரி எனக்கே ஒன்றும் புரியவில்லை. இப்படி மாற்றியிருக்கிறேன்:

> வணக்கம் ஐயா. உங்களுக்கு நாங்கள் தரவேண்டிய பாக்கி பில்களின் விவரத்தை இத்துடன் இணைத்திருக்கிறோம். மீதமுள்ள லாட்டின் ஷேடு ஓகே ஆனதும் பாக்கித் தொகையைத் தந்துவிடுகிறோம். மீதி 320 கிலோவை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவையுங்கள். எடை குறைந்தால் உங்கள் கணக்கில் டெபிட் செய்வோம். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

சொல்தேடி:
'ஷேடு', 'ஓகே', 'டெபிட்' என்று இத்தனை வேண்டுமா? 'பற்று' என்று இருந்ததை ஏன் எடுத்தீர்கள்? அது சரியான சொல்தானே.

சாயப்பட்டறை:
சரியான சொல்தான். கணக்குப் புத்தகத்தில் இருந்தால் நானும் தொட மாட்டேன். ஆனால் இந்தத் தொழிலில் 'டெபிட் போட்டுட்டாங்க' என்றால் பணம் பிடித்துவிட்டார்கள் என்று எல்லோருக்கும் உடனே தெரியும். பணம் பிடிக்கப்போவதைச் சொல்லும் வரியில் அவர் ஒரு நொடிகூட யோசிக்கக் கூடாது. 'ஓகே' வேண்டாம் என்றால் 'ஷேடு சரி என்று நாங்கள் சொன்னதும்' என்று எழுதலாம். சரி என்று சொல்லவேண்டியவர் யார் என்பதும் அதில் வந்துவிடும்.

பனியன்கணக்கு, எனக்கு உறுத்துவது அந்த எடை வரிதான். மூலத்தில் என்ன இருக்கிறது?

பனியன்கணக்கு:
'எனி ஷார்ட்டேஜ் வில் பி டெபிட்டட்' என்று இருக்கிறது.

சாயப்பட்டறை:
அப்படியானால் அந்த வரியை உங்கள் முதலாளியிடம் கேட்காமல் அனுப்பாதீர்கள். இன்னும் சாயம் போடாத கிரே துணி டையிங் போய்வந்தால் எடை கொஞ்சம் குறையத்தான் செய்யும், பிராசஸ் லாஸ் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட ஒன்று அது. உங்கள் வரிப்படி பார்த்தால் அதற்கும் சேர்த்துப் பணம் பிடிப்போம் என்று ஆகிறது. பேசிவைத்த பிராசஸ் லாஸுக்கு மேல் குறைந்தால் மட்டுமா, இல்லை ரோல் எண்ணிக்கையே குறைந்து வந்தாலா? ஆங்கிலத்திலேயே தெளிவில்லை. செயலியும் சொல்லாது, நாமும் ஊகித்து எழுதக் கூடாது.

கோவைபம்ப்:
எங்களிடமும் காஸ்டிங் எடையில் இதே தகராறு வந்தது. கடைசியில் எத்தனை சதவீதம் என்று பர்சேஸ் ஆர்டரிலேயே எழுத ஆரம்பித்தோம்.

பனியன்கணக்கு:
முதலாளியிடம் கேட்டேன். 'எப்பவும் போலத்தான்' என்றார். எப்பவும் எவ்வளவு என்று கேட்டதற்கு, மேனேஜர் வந்ததும் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். 'ஓகே'வை நீங்கள் சொன்னபடி மாற்றிவிட்டேன். மற்ற வரிகளோடு மெயில் தயாராக டிராஃப்டில் இருக்கிறது, எடை வரி மட்டும் காலி.