ஸ்டிக்கருக்கு அடியில் ‘நாட் டு பி சோல்ட்’: சாம்பிள் மாத்திரையும் கடை மாத்திரையும் ஒன்றுதானா?

ஏற்காட்டுக்காரன்
அப்பாவுக்கு 67 வயது. பிரஷருக்கு டெல்மிசார்டன் 40 தினமும் ஒன்று சாப்பிடுகிறார். முதல் இருபது நாளுக்கு டாக்டரே இரண்டு சாம்பிள் அட்டை இலவசமாகக் கொடுத்தார். அது தீர்ந்ததும் மலையிலிருந்து இறங்கி, சேலத்தில் ஒரு கடையில் அதே பிராண்டில் மூன்று அட்டை வாங்கினேன். அதில் ஒன்றில் விலை ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. உரித்துப் பார்த்தால் கீழே நீல எழுத்தில் ‘பிசிசியன்ஸ் சாம்பிள், நாட் டு பி சோல்ட்’. டாக்டர் கொடுத்த காலி அட்டையை எடுத்துப் பார்த்தேன், பேட்ச் நம்பரும் அதேதான். இந்த மாத்திரையைச் சாப்பிடலாமா? சாம்பிளும் கடையில் விற்பதும் ஒன்றுதானா?

தறிக்காரர்
சாப்பிடாதீங்க தம்பி. சாம்பிள் என்றால் விளம்பரத்துக்குச் செய்வது, பவர் குறைவாகத்தான் இருக்கும். அப்புறம், பேட்ச் நம்பர் ஒன்று என்றால் என்ன அர்த்தம்? அந்த டாக்டரேதான் கடைக்கு விற்றிருக்கிறார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கொண்டலாம்பட்டி கவிதா
எங்கள் தெருவில் இதற்கு நேர் எதிராகச் சொல்வார்கள். சாம்பிளில் பவர் ஜாஸ்தி, முதல் தடவையே சட்டென்று கேட்டால்தானே டாக்டர் அதையே எழுதுவார் என்று!

பழைய ரெப்
இரண்டும் கட்டுக்கதை. மருந்துக் கம்பெனி ரெப்பாகப் பதினாறு வருடம் இதே சாம்பிள் பையை டாக்டர்களிடம் சுமந்தவன் நான். ஒரு பேட்ச் என்பது லட்சக்கணக்கில் மாத்திரை. மொத்தமாக அடித்து முடித்த பிறகு, ஒரு பகுதி விலை அச்சிட்ட ஃபாயிலில் போகும், ஒரு பகுதி சாம்பிள் ஃபாயிலில் போகும். மாத்திரைக்கு, தான் எந்த அட்டைக்குள் போகிறோம் என்று தெரியாது. பேட்ச் நம்பர், தயாரித்த தேதி, காலாவதி, லைசென்ஸ் நம்பர், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற ஷெட்யூல் எச் எச்சரிக்கை எல்லாம் இரண்டிலும் இருக்கும். சாம்பிளில் அந்த ‘நாட் டு பி சோல்ட்’ வரி கூடுதலாக வரும், எம்ஆர்பி பெரும்பாலும் இருக்காது. வித்தியாசம் அவ்வளவுதான்.

தறிக்காரர் அண்ணா, பேட்ச் ஒன்று என்பதை வைத்து டாக்டரைப் பிடிக்காதீங்க. அதே பேட்ச் சாம்பிள் இந்த ஜில்லாவில் எத்தனை டாக்டர் மேஜைக்குப் போயிருக்கும்! கடைக்கு வந்தது டாக்டர் வழியாகவும் இருக்கலாம், கம்பவுண்டர் வழியாகவும் இருக்கலாம். வெட்கத்தை விட்டுச் சொன்னால், எங்கள் ஆட்கள் வழியாகவும் இருக்கலாம்.

தறிக்காரர்
சரி, அதே மாத்திரைதான் என்று நீங்களே சொல்லிவிட்டீங்க. அப்புறம் கடைக்காரர் விற்றால் என்ன குடி முழுகிப் போச்சு? ஸ்டிக்கரில் இருந்த விலையும் சரியான விலைதானே?

ஐந்துரோடு பார்மசிஸ்ட்
இங்கேதான் விஷயம் இருக்கிறது. மருந்து விதிகள் 1945-ல் 65-வது விதி, சில்லறைக் கடை சாம்பிளை விற்கக் கூடாது என்பதோடு நிற்கவில்லை, கடையில் இருப்பு வைக்கவே கூடாது என்கிறது. விற்கவில்லை, சும்மா டிராயரில் கிடந்தது என்று சொல்லித் தப்ப முடியாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்கலாம். நான் ஒரு அட்டை விற்றால் அதற்குப் பின்னால் ஒரு தடம் இருக்கும். கம்பெனி, டிப்போ, ஸ்டாக்கிஸ்ட், என் கொள்முதல் பில், உங்கள் பில் என்று எல்லாவற்றிலும் பேட்ச் நம்பர் நிற்கும். நாளைக்கு அந்த பேட்சில் குறை என்று கம்பெனி திரும்பக் கேட்டால், ஸ்டாக்கிஸ்ட் எனக்குப் போன் செய்வார், நான் அலமாரியில் இருப்பதை எடுத்துத் திருப்பி அனுப்புவேன். சாம்பிளுக்கும் கணக்கு உண்டு, ஆனால் அது டாக்டரின் பெயரோடு முடிந்துவிடும். அங்கிருந்து கடைக்கு வந்தது யாருடைய கணக்கிலும் இருக்காது. மாத்திரை அதேதான், ஆனால் ஊர் பேர் தெரியாமல் வந்த மாத்திரை.

ஏற்காட்டுக்காரன் சார், உங்கள் பில்லை எடுத்து மூன்று அட்டையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஷெட்யூல் எச் மருந்து, பேட்ச் நம்பர் பில்லில் இருக்க வேண்டும்.

ஏற்காட்டுக்காரன்
பார்த்தேன் சார். பில்லில் மூன்று அட்டைக்கும் ஒரே பேட்ச் நம்பர் போட்டிருக்கிறார்கள். இரண்டு அட்டையில் அது பொருந்துகிறது. ஸ்டிக்கர் ஒட்டிய அட்டையில் வேறு நம்பர்.

ஐந்துரோடு பார்மசிஸ்ட்
அப்படியென்றால் அந்த இரண்டு அட்டையும் முறைப்படி கொள்முதல் ஆனவை, மூன்றாவது நடுவில் சொருகியது. ஸ்டிக்கரை உரிக்காமல் வைத்திருந்தால் நல்லது. இப்போது கடைக்காரர், நீங்களே டாக்டரிடம் வாங்கிய சாம்பிளைக் கொண்டுவந்து காட்டுகிறீர்கள் என்பார். அந்த ஸ்டிக்கர் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

மற்றவர்களும் பார்த்துக்கொள்ளலாம். சாம்பிளை மறைக்க நான் பார்த்த வழிகள் மூன்று. ஸ்டிக்கர் ஒன்று. மையால் மேலே அடித்த எழுத்தாக இருந்தால் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிடுவார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் மங்கலாக, நீலம் இழுகியது போலத் தெரியும். ஃபாயிலோடு சேர்ந்தே அச்சானது அப்படிப் போகாது. மூன்றாவது, அட்டையை வெட்டி எழுத்து இல்லாத துண்டை மட்டும் கொடுப்பது. இரண்டு மாத்திரை கேட்பவர்களுக்கு இதுதான் நடக்கும்.

கவிதா
ஒரு நிமிடம். போன வாரம் பெரியாஸ்பத்திரியில் அம்மாவுக்குக் கொடுத்த அட்டையிலும் விற்பனைக்கு அல்ல என்றுதான் போட்டிருந்தது. அதுவும் சாம்பிள்தானா? அப்படியென்றால் அரசாங்கமே சாம்பிள் மாத்திரை கொடுக்கிறதா?

ஐந்துரோடு பார்மசிஸ்ட்
இல்லைங்க அக்கா. அது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் விட்டு, காசு கொடுத்து வாங்கி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவது. அட்டையிலேயே அரசு வழங்கல் என்று இருக்கும். சாம்பிள் என்பது கம்பெனி தன் செலவில் டாக்டருக்குக் கொடுப்பது. கடையில் வைக்கக் கூடாது என்பது மட்டும் இரண்டுக்கும் பொது, அதே விதியில்தான் வருகிறது.

நாகலூர் மிளகு
நான் தறிக்காரர் பக்கம். எங்கள் அம்மாவுக்கு இதே டெல்மிசார்டன் சாம்பிள் ஒரு முகாமில் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் மாத்திரை பிசுபிசுத்து, ஓரம் உதிர்ந்து போச்சு. கடையில் வாங்கியது அப்படி ஆகவே இல்லை. தரம் ஒன்று என்று யார் சொன்னாலும் நம்ப மாட்டேன்.

ஐந்துரோடு பார்மசிஸ்ட்
அம்மா அதை எங்கே வைத்திருந்தார்கள்? அட்டையிலேயா, பிரித்து எடுத்தா?

நாகலூர் மிளகு
கிழமை போட்ட ஏழு கட்ட டப்பா ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் பிதுக்கி அதில் போட்டு வைத்துவிடுவேன். கடையில் வாங்க ஆரம்பித்ததும் அம்மாவே அட்டையிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறார்.

ஐந்துரோடு பார்மசிஸ்ட்
காரணம் சாம்பிள் இல்லை, டப்பாதான். டெல்மிசார்டன் தண்ணீரில் லேசில் கரையாது, அதனால் மாத்திரையில் காரம் சேர்த்துச் செய்வார்கள். அந்தக் காரம் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். அதனால்தான் பெரும்பாலும் இரண்டு பக்கமும் அலுமினியம் வைத்த கனத்த அட்டையில் வருகிறது. மேலே உங்கள் ஊர் மூட்டத்தில் ஏழு நாள் திறந்து வைத்தால் உப்பு மாதிரி கசியத்தான் செய்யும். கடை மாத்திரையை அந்த டப்பாவில் போட்டாலும் இதே கதி. சாப்பிடும்போது பிதுக்கினால் போதும்.

பழைய ரெப்
பார்மசிஸ்ட் சார் சொல்வது சரி, ஆனால் சாம்பிள் பக்கமும் ஒரு ஓட்டை இருக்கிறது. அட்டையில் 30 டிகிரிக்குக் கீழே வை என்று இருக்கும். ஏப்ரல் மாதம் ஓமலூர் ரோட்டில் நிறுத்திய என் வண்டிப் பெட்டிக்குள் கையை விட்டால் சுடும். அதே பெட்டியில்தான் ஒரு மாத சாம்பிள் கிடந்தது. வீட்டில் பீரோவுக்கு மேல் மீதி. கம்பெனி குடோனில் ஏசி ஓடும், என் வீட்டில் யார் பார்த்தார்கள்?

ஐந்துரோடு பார்மசிஸ்ட்
ஸ்டாக்கிஸ்ட் டெலிவரி வண்டி மட்டும் ஊட்டியிலா ஓடுகிறது? அதுவும் வெயிலில்தான் வருகிறது. சில மணி நேர வெயிலில் இந்த மாத்திரை கெட்டுவிடாது.

பழைய ரெப்
சில மணி நேரம் இல்லை சார், மாதக்கணக்கு. உங்களுக்கு வந்த சரக்கு சாயங்காலம் அலமாரியில் ஏறிவிடும். கெட்டுப் போகும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் கெடவில்லை என்று நீங்கள் எதை வைத்துச் சொல்வீர்கள்?

ஐந்துரோடு பார்மசிஸ்ட்
சோதனைச்சாலையில் மருந்து அளவைப் பார்த்தால்தான் தெரியும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

தறிக்காரர்
அப்படி வாங்க வழிக்கு! என்னைக் கேட்டால் டாக்டருக்குச் சாம்பிள் கொடுப்பதையே நிறுத்திவிட வேண்டும். லஞ்சம்தானே அது?

பழைய ரெப்
முன்பு அள்ளி இறைத்தோம், இல்லை என்று சொல்லவில்லை. 2024-ல் மத்திய அரசு வெளியிட்ட மருந்து விற்பனை நெறிமுறையில் எல்லை போட்டிருக்கிறார்கள். ஒரு டாக்டருக்கு ஒரு மருந்தில் வருடத்துக்குப் பன்னிரண்டு பேக்குக்கு மேல் கூடாது. ஒவ்வொன்றும் சந்தையில் உள்ள சின்ன பேக்கைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. தூக்க மாத்திரை சாம்பிளே கூடாது. பத்து மாத்திரை அட்டை என்று வைத்தால் பன்னிரண்டு அட்டை 120 மாத்திரை. ஏற்காட்டுக்காரன் அப்பா ஒருவருக்கே நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும். கடைக்கு விற்கும் அளவுக்கு மிஞ்ச வாய்ப்பில்லை, அதாவது எல்லாரும் அதன்படி நடந்தால். 65-வது விதி மாதிரி அது சட்டம் இல்லை, நெறிமுறை. மீறினால் புகார் கம்பெனிகளின் சங்கத்துக் கமிட்டிக்குத்தான் போகும்.

கவிதா
டாக்டர் ஏழைகளுக்குக் கொடுப்பதையும் நிறுத்திவிட்டால் நாங்கள் எங்கே போவது? இலவசமாக வாங்குவது தப்பா?

ஐந்துரோடு பார்மசிஸ்ட்
தப்பே இல்லை அக்கா. டாக்டர் தன் நோயாளிக்கு இலவசமாகக் கொடுக்கத்தான் சாம்பிள். காலாவதித் தேதியை மட்டும் வாங்கும்போதே பாருங்கள், மேஜையடியில் மறந்து கிடந்ததாக இருக்கும். முழு அட்டையாகவே வாங்குங்கள், வெட்டிய துண்டில் தேதி போய்விடும்.

பிரஷர், சுகர் போல வருடக்கணக்கில் சாப்பிடுவதற்குச் சாம்பிளை நம்பி இருக்காதீங்க. அடுத்த மாதம் ரெப் வேறு பிராண்டு கொண்டுவருவார், அல்லது வரவே மாட்டார். நடுவில் நின்றால் பிரஷர் ஏறிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து வாங்கினால் மாதாமாதம் கிடைக்கும்.

ஏற்காட்டுக்காரன்
இன்று கடைக்குப் போய்வந்தேன். அட்டையை நீட்டியதும் ஒரு வார்த்தை பேசாமல் வேறு அட்டை எடுத்துக் கொடுத்தார். பழையதைத் திருப்பிக் கேட்டார், நான் கொடுக்கவில்லை. ஸ்டிக்கரும் பர்ஸில் இருக்கிறது. புதிய அட்டையில் எம்ஆர்பி அச்சாகவே இருக்கிறது, பேட்சும் பில்லோடு பொருந்துகிறது. அப்பா அதைத்தான் சாப்பிடுகிறார்.

ஐந்துரோடு பார்மசிஸ்ட்
நல்லது. அட்டை, ஸ்டிக்கர், பில் மூன்றையும் ஒரு கவரில் போட்டு, சேலத்தில் மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். மருந்து ஆய்வாளர் போய்ப் பார்ப்பார்.

ஏற்காட்டுக்காரன்
அப்பா வேண்டாம் என்கிறார். அந்தக் கடையில்தான் பதினைந்து வருடமாக வாங்குகிறோமாம், மாசக் கடைசியில் கடனுக்கும் கொடுப்பாராம். கவரில் போட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மிளகு எடுத்துக்கொண்டு எப்படியும் கீழே வர வேண்டும், அதற்குள் அவரிடம் இன்னொரு தடவை பேசிப் பார்க்கிறேன்.

தறிக்காரர்
அந்த மிளகு என்ன விலைக்குத் தருவீங்க தம்பி?