ஒரே ஒரு முகப் படத்திலிருந்து முழு உருவம்: உடம்பு எங்கே பிசகுது?

தூரிகை
AI-க்கு ஒரு முகப் படத்தைக் கொடுத்து முழு உருவம் வரையச் சொன்னா, முகம் அச்சு அசலா வந்துடுது, உடம்பு மட்டும் வேற யாரோடதோ மாதிரி இருக்குன்னு பலரும் சொல்றீங்க. முகச் சாயலைப் படம் வரையுற மாடலுக்குக் கொண்டு போற IP-Adapter FaceID, முகத்திலிருந்து எடுக்கிறது அடையாளத்துக்கான எண்வரிசையை மட்டும்தான். தோள் அகலம், கால் நீளம் எல்லாம் மாடல் பயிற்சியில பார்த்த படங்களோட பழக்கத்துல வருது. அதனாலதான் பெரும்பாலும் மெலிஞ்ச, கால் நீண்ட விளம்பரப்பட உடம்பு.

தலையை வெச்சு அளந்து பாருங்க. 832×1216 படத்தில நேரா நிக்கிற உருவம் 1100 பிக்சல், உச்சியிலிருந்து தாடை வரை 135 பிக்சல்னா எட்டுத் தலை உயரத்துக்கு மேல போகுது. நிஜ ஆள் 160 செ.மீ., தலை 22 செ.மீ.ன்னா 7.3தான். தலை 150 பிக்சல் இருந்திருக்கணும்.

கோணம்
முகப் படத்தை எவ்வளவு தூரம் பின்பற்றணும்னு சொல்ற முக எடையை 1.0 வரை ஏத்துங்க, உடம்பும் தானா சரியாயிடும்.

தூரிகை
முகச் சாயல் கூடும், அது உண்மை. உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. எடை ஏற ஏற படம் நெருக்கக் காட்சிக்கு இழுத்து, கால் வெட்டுப்படும். 0.6, 0.7ல வெச்சு, செருப்பையும் தரையையும் வர்ணனையில எழுதினா பாதம் வரைக்கும் வரும்.

புதுவரவு
அப்போ வந்த படத்தைப் பார்த்து சட்டை அளவு எடுக்கலாமா? என் தம்பிக்கு வாங்கணும்.

தூரிகை
வேண்டாங்க. அளவு நாடாவை எடுங்க.

கோடும் நிழலும்
அளவு தெரிஞ்சா, மூட்டுகளைப் புள்ளியா வெச்சு உருவம் நிக்கிற நிலையை மாடலுக்குச் சொல்ற OpenPose எலும்புக்கூட்டைத் திருத்தலாம். 160 செ.மீ. 1100 பிக்சல்னா ஒரு செ.மீ. சுமார் 6.9 பிக்சல். இடுப்பு மூட்டிலிருந்து கணுக்கால் வரை 78 செ.மீ.ன்னா 535 பிக்சல் தள்ளிப் புள்ளியை வைங்க. வேறொருத்தர் படத்திலிருந்து எடுத்த கூட்டை அப்படியே போட்டா அவரோட கால் நீளம்தான் வரும். பலர் சறுக்குறது இங்கதான்.

கூடு மூட்டுகளை மட்டும்தான் சொல்லும், பருமனைச் சொல்லாது. அதுக்கு எது கிட்ட, எது தூரம்னு காட்டுற ஆழப்படம் வேணும், இல்லேன்னா உடல்வாகை வார்த்தையில எழுதணும். கடைசியில முகப் பகுதியை மட்டும் வெட்டிப் பெரிசாக்கித் திரும்ப வரையணும். 150 பிக்சல் தலை மாடலுக்கு உள்ளுக்குள்ள எட்டில் ஒரு பங்கா சுருங்குறதால கண்ணும் வாயும் கலங்கியிருக்கும்.

கோணம்
உருண்டை முகம் கொடுத்தா உடம்பும் குண்டா வருதே, அப்போ முகத்திலிருந்து உடம்பை ஊகிக்குதுன்னுதானே அர்த்தம்?

கோடும் நிழலும்
முழுப் படத்தையும் படிக்கிற சாதாரண IP-Adapter-ஆ இருந்தா கழுத்து, சட்டைக் காலர், தோள் விளிம்பு எல்லாம் சேர்ந்து கசியும். தாடைக்குக் கீழ வெட்டிட்டு, படம் எங்கிருந்து தொடங்கணும்னு தீர்மானிக்கிற விதை எண்ணை மாத்தாம ஓட்டிப் பாருங்க. அப்பவும் குண்டாவே வந்தா முகத்திலிருந்துதான் வருது. FaceID-யில இது எவ்வளவு தூரம் நடக்கும்னு மாடலுக்கு மாடல் மாறும்.

கோணம்
வெட்டி ஓட்டினேன். கொஞ்சம் குறைஞ்சிருக்கு, முழுசா போகலை.