திருப்பூரில் வேலை செய்யும் தம்பிக்குக் கிடைத்த 6,997 ரூபா போனஸ் சரியானதா?

வவுனியா அக்கா: என் தம்பி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை செய்கிறான். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 14,000 இந்திய ரூபா. 2023–24 கணக்காண்டு முழுவதும் வேலை செய்தவனுக்குத் தீபாவளிக்கு 6,997 ரூபாதான் கொடுத்தார்கள். இந்தியச் சட்டப்படி குறைந்தது ஆண்டுச் சம்பளத்தில் 8.33 வீதம் போனஸ் என்கிறார்களே, அது ஒரு மாதச் சம்பளம் அல்லவா?

மாங்குளத்தான்: கம்பெனி செய்தது சரி. அந்த ஆண்டுக்குப் பொருந்திய சட்டப்படி மாதம் 21,000 வரை வாங்குபவருக்குப் போனஸ் உண்டு, ஆனால் கணக்கிடும்போது 7,000 என்றே எடுத்துக்கொள்வார்கள். 7,000 ஐ 12 ஆல் பெருக்கி 8.33 வீதம் பாருங்கள், 6,997 தான் வரும்.

கனகராயன்: மாங்குளத்தான் சொல்வது பாதிதான். நான் ஊர் திரும்புமுன் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் சம்பளக் கணக்கு எழுதியவன். போனஸ் சட்டத்தின் 2015 ஆம் ஆண்டுத் திருத்தம் 7,000 என்று மட்டும் நிற்கவில்லை; 7,000 அல்லது அந்தத் தொழிலுக்கு அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலி, இவற்றில் எது கூடுதலோ அதை வைத்துக் கணக்கிட வேண்டும் என்கிறது. பேச்சுக்கு அந்தக் கூலி 11,000 என்று வைத்தால், ஆண்டுக்கு 1,32,000, அதில் 8.33 வீதம் 10,996 ரூபா. அப்படியானால் தம்பிக்கு ஏறத்தாழ 4,000 ரூபா குறைந்திருக்கிறது. கையில் வந்த தொகை 6,997 என்று அச்சொட்டாக நிற்பதே, கூலி அறிவிப்பைப் பார்க்காமல் 7,000 ஐப் போட்டுவிட்டார்கள் என்பதைக் காட்டுகிறது. ஆனாலும், அக்கா, 14,000 முழுவதற்கும் கேட்க முடியாது.

தையல்காரி: நான் கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலையில் ஆறு வருடமாகத் தைக்கிறேன். எங்களுக்குச் சித்திரைக்குக் கொடுத்துவந்த தொகையை இம்முறை நிறுத்திவிட்டார்கள். இந்த 8.33 வீதத்தை நாங்களும் கேட்கலாமா?

கனகராயன்: இல்லைத் தங்கச்சி, அது இந்தியச் சட்டம். இலங்கையில் தனியார் துறைக்கு அப்படிச் சட்டப்படியான வருடாந்தப் போனஸ் கிடையாது. உங்கள் நியமனக் கடிதத்திலோ கூட்டு ஒப்பந்தத்திலோ அந்தத் தொகை எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மாங்குளத்தான்: நட்டத்தில் ஓடும் சிறு கம்பெனியிடம் கூலி அறிவிப்பைக் காட்டி இன்னும் கேட்டால், அடுத்த வருடம் ஆட்களைக் குறைப்பார்கள். உச்சவரம்பு வைத்ததே அதற்காகத்தான்.

கனகராயன்: நட்டம் என்றாலும் 8.33 வீதம் கொடுத்தே ஆகவேண்டும். இலாபம் பார்த்து ஏறுவது அதற்கு மேல், 20 வீதம் வரையான பகுதிதான். உழைத்தவனின் பங்கை நட்டக் கணக்கில் கழிப்பதை நான் ஏற்கமாட்டேன். அக்கா, தம்பியின் சம்பளச் சீட்டில் அவன் என்ன தரத்துத் தொழிலாளி என்று எழுதியிருக்கிறது? கட்டிங் மாஸ்டருக்கும் உதவியாளுக்கும் குறைந்தபட்சக் கூலி வேறு வேறு. முன்பணமாக ஏதாவது கொடுத்துக் கழித்தார்களா என்றும் கேளுங்கள். 2023–24 க்குப் பொருந்திய அந்தச் சட்டப்படி, பாக்கியைத் தொழிலாளர் துறையில் கேட்பதற்கு, கொடுக்கவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடமே தவணை.

வவுனியா அக்கா: சீட்டில் "தொழிலாளி" என்று மட்டும்தான் இருக்கிறது, அண்ணா. எட்டு வருடமாகத் துணி வெட்டுபவனுக்கு ஒரு தரமும் எழுதவில்லை.

கனகராயன்: அப்படியானால் எந்தத் தரத்தின் கூலி என்பதில்தான் கம்பெனி வாதாடும். அவன் கையெழுத்திட்ட வெட்டுப் பதிவேட்டின் பக்கங்களைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.