NF₃ ஏன் NH₃-ஐ விட முனைவுத்தன்மை குறைந்தது? என் கணக்கில் எங்கே தப்பு?

பிளஸ்ஒன்_மாணவி:
இரண்டிலும் நைட்ரஜனைச் சுற்றி மூன்று பிணைப்பு இரட்டை, ஒரு தனித்த இரட்டை. அதனால் இரண்டுமே முக்கோணப் பிரமிடு என்று போட்டேன். எலக்ட்ரான் கவர்தன்மை வித்தியாசம் N–H-க்கு 0.9, N–F-க்கு 1.0. அப்படியானால் NF₃-தானே கொஞ்சம் அதிகமாக வர வேண்டும்? விடைத்தாளில் NH₃ 1.47 டிபை, NF₃ 0.23 என்று இருக்கிறது. அச்சுப் பிழையா?

கணக்குப்புலி:
பிழை இல்லை. மூன்று F-உம் ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றையொன்று அடித்துவிடும். BF₃ பூஜ்ஜியம்தானே, அதே கதை.

பழைய_லேப்காரர்:
அடித்துவிடும் என்பது சரி, ஆனால் ஆளை மாற்றிவிட்டீர்கள். போரானின் வெளிக்கூட்டில் மூன்றே எலக்ட்ரான், மூன்றும் பிணைப்புக்குப் போய்விடும். தனித்த இரட்டை இல்லாததால் BF₃ தட்டை, 120°. நைட்ரஜனின் வெளிக்கூட்டில் ஐந்து, மூன்று போக இரண்டு மிச்சம். அந்த மிச்சம்தான் F-களைக் கீழே தள்ளுகிறது. தட்டையாக இல்லாவிட்டால் மூன்று F-உம் தங்களுக்குள்ளேயே முழுதாக அடித்துக்கொள்ள முடியாது.

மாணவிக்கு: வடிவம் சரி. அம்புக்குறி போட்டுப் பாருங்கள். தனித்த இரட்டையை மேலே வரையுங்கள், மற்ற மூன்று அணுக்களும் கீழே. தனித்த இரட்டைக்கும் ஒரு திருப்புத்திறன் உண்டு, அதன் அம்பு மேல்நோக்கி. NH₃-இல் எலக்ட்ரான்களை இழுப்பது நைட்ரஜன்; அதனால் மூன்று பிணைப்பு அம்புகளும் H-இலிருந்து N-க்கு, அதாவது மேலே. எல்லாம் ஒரே பக்கம், கூடிவிடும். NF₃-இல் இழுப்பது ஃப்ளூரின். பிணைப்பு அம்புகள் கீழே, தனித்த இரட்டை மட்டும் மேலே. இழுபறியில் மிஞ்சுவதுதான் 0.23. நீங்கள் அம்பின் நீளத்தைப் பார்த்தீர்கள், திசையை விட்டுவிட்டீர்கள்.

பிளஸ்ஒன்_மாணவி:
ஓ! தனித்த இரட்டையை வடிவத்துக்கு மட்டும் எண்ணிவிட்டு அப்புறம் மறந்துவிட்டேன். அப்போ NF₃ முனைவற்றதா?

பழைய_லேப்காரர்:
இல்லை, முனைவுள்ளதுதான், மிகக் குறைவாக. முனைவற்றது என்று எழுதினால் மார்க் போகும்.

டியூஷன்_சார்:
பிணைப்புக் கோணத்தையும் பாருங்கள். NH₃ சுமார் 107°, NF₃ 102°. F பிணைப்பு இரட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் நைட்ரஜன் அருகே விலக்கல் குறைகிறது, கோணம் சுருங்குகிறது. ஆனால் என் வகுப்பில் ஒரு பையன் பாஸ்பரஸைக் கேட்டு மடக்கிவிட்டான். PH₃ 93.5°, PF₃ சுமார் 98°. இங்கே ஃப்ளூரின் வந்தால் கோணம் விரிகிறதே?

பழைய_லேப்காரர்:
F தன் தனித்த இரட்டையை P-க்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிறது, பிணைப்பு தடிக்கிறது, விலக்கல் கூடுகிறது என்று சொல்வார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. PH₃ 90°-க்கு இவ்வளவு அருகே வருவதே இந்த விலக்கல் விதிக்கு அடங்காத விஷயம்.

டியூஷன்_சார்:
பையனிடம் அப்படியே சொல்ல முடியாதே சார்!