70 கிலோபாஸ்கல் என்று குறித்த மாணவர் எங்கே தவறினார்?

வினாத்தாள் எழுதியது:

முதலாண்டுப் பொறியியல் வகுப்பில் அலகு மாற்றத்துக்கு நான் வைத்த கொள்குறி வினா இது: "ஒரு கொதிகலனின் அழுத்தமானி 7 kg/cm² காட்டுகிறது. இது எத்தனை கிலோபாஸ்கல்? g = 10 m/s² எனக் கொள்க." விடைகளாக 7, 70, 700, 7000 ஆகியவற்றைக் கொடுத்தேன். பலர் 70 என்று குறித்தார்கள். அவர்கள் g-ஆல் பெருக்க மறந்துவிட்டார்கள் என்று நான் முடிவு செய்தேன். அப்படிச் சொல்லிவிட முடியாது என்கிறார் உடன் பணிபுரிபவர். யார் சொல்வது சரி?

பழைய சுண்ணக்கட்டி:

உங்கள் முடிவுதான் சரி என்பது என் கருத்து. 7 கிலோகிராமை g-ஆல் பெருக்காமல் 10⁻⁴ சதுர மீட்டரால் வகுத்தால் 70,000 வருகிறது, அதாவது 70 கிலோபாஸ்கல். சென்டிமீட்டரை மீட்டராக மாற்றும்போது வர்க்கப்படுத்த மறந்தவருக்கு 7 கிடைக்கும். ஒவ்வொரு தவறான விடைக்கும் ஒரு காரணம் தெளிவாக இருக்கிறது. எனக்கு இருக்கும் மனக்குறை வேறு. முப்பது ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: தவறாகக் கணக்கிட்ட மாணவருக்கு அவருடைய தவறான விடையையே தாளில் அச்சிட்டுக் காட்டுவது நியாயமில்லை. பட்டியலில் தன் விடை இல்லையென்றால் அவர் திரும்பிப் போய்ச் சரிபார்ப்பார். இருந்துவிட்டால் நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

தாமிரபரணி:

ஐயா சொல்லும் இரண்டாவது கருத்துக்குப் பிறகு வருகிறேன். முதல் கருத்தை ஏற்க முடியவில்லை, ஏனென்றால் இந்த வினாவின் நான்கு விடைகளும் ஒரே இலக்கத்தைப் பத்துப் பத்தாகப் பெருக்கியவை. வினாவில் g-யின் மதிப்பும் பத்தாக இருப்பதால், g-ஐ மறந்தவரும் தசமப் புள்ளியை ஓரிடம் தள்ளி வைத்தவரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

வர்க்கப்படுத்த மறந்தவரையே எடுத்துக்கொள்வோம். அவருக்கு 70 நியூட்டனை 10⁻² ஆல் வகுத்து 7000 பாஸ்கல் கிடைக்கிறது. அதைக் கிலோபாஸ்கலாக மாற்றினால் 7 என்று குறிப்பார். வினா கிலோபாஸ்கலில் கேட்டதைக் கவனிக்காமல் விட்டால் 7000 என்று குறிப்பார். அலகு மாற்றத்தில் அவருடைய தவறு ஒன்றுதான், ஆனால் உங்கள் தாளில் அது இரண்டு வெவ்வேறு தவறுகளாகப் பதிவாகிறது.

இதைவிடக் கவலை தருவது இன்னொன்று. g-ஐயும் மறந்து, வர்க்கத்தையும் மறந்து, கிலோ என்ற முன்னொட்டையும் கவனிக்காத ஒருவரை நினைத்துப் பாருங்கள்.

```
7 / 10⁻² = 700
```

மூன்று தவறு செய்த அவர் 700 என்று குறித்து முழு மதிப்பெண் பெறுகிறார். ஒரே ஒரு தவறு செய்தவர் பூஜ்யம் பெறுகிறார்.

வினாத்தாள்:

700-ஐ இப்படியும் அடையலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காகத்தான் g-ஐப் பத்து என்று வைத்தேன்.

கொதிகலன்காரர்:

நான் ஒரு ஆலையில் நீராவிப் பகுதியைப் பார்த்துக்கொள்பவன். எங்கள் மானிகளில் kg/cm² என்றுதான் அச்சிட்டிருக்கும். ஒரு kg/cm² என்பது 98.07 கிலோபாஸ்கல் என்பதால், 7 என்றால் 686.5 வரும். ஆனால் உங்கள் வினாவில் சரியான விடையே இல்லை என்பதை இங்கே யாரும் சொல்லவில்லையே. மானி காட்டுவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேலுள்ள அழுத்தம் மட்டும்தான். அதோடு 101.3-ஐயும் கூட்டினால்தான் கொதிகலனுக்குள் இருக்கும் அழுத்தம் கிடைக்கும், அது ஏறத்தாழ 788.

இதைச் சும்மா சொல்லவில்லை. எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பயிற்சிப் பொறியாளர் 686-ஐ அப்படியே நீராவி அட்டவணையில் பார்த்து, வெப்பநிலை சுமார் 164 டிகிரி இருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டார். வெப்பமானியோ கிட்டத்தட்ட 170 காட்டியது. அலகு மாற்றத்தில் எந்தப் பிழையும் இல்லாததால் அவருக்குத் தன் கணக்கின் மேல் சந்தேகம் வரவில்லை. வெப்பமானிதான் பழுது என்று கழற்றி மாற்றச் சொல்லிவிட்டார். புதிய வெப்பமானியும் அதே 170-ஐக் காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. ஆகவே 788-ஐச் சரியான விடையாக வையுங்கள்.

தாமிரபரணி:

உங்கள் அனுபவம் மதிப்பு மிக்கது, ஆனால் வினா கொதிகலனுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் கேட்கவில்லை. மானி காட்டும் அளவை வேறு அலகில் எழுதச் சொல்கிறது, அவ்வளவுதான். 788-ஐத் தவறான விடைகளில் ஒன்றாக வைப்பதையும் நான் விரும்பவில்லை. அதைக் குறிப்பவருக்கு அலகு மாற்றம் நன்றாகவே தெரியும். கேஜ் அழுத்தம் எது, அப்சல்யூட் அழுத்தம் எது என்பதில்தான் அவர் குழம்பியிருப்பார், அல்லது உங்களைப் போல வினாவை வேறு விதமாகப் படித்திருப்பார். இரண்டு வேறு பாடங்களை ஒரே வினாவில் சோதித்தால், மாணவர் எதில் தவறினார் என்பது நமக்கே தெரியாமல் போய்விடும்.

கொதிகலன்காரர்:

நான் அவசரப்பட்டுப் படித்துவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கல்லூரியில் பிரித்துப் பிரித்துச் சோதித்துவிட்டு அனுப்புவதால்தான் ஆலைக்கு வந்ததும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாமல் நிற்கிறார்கள் என்பது என் எண்ணம். இதில் உங்களோடு உடன்பட முடியவில்லை.

வினாத்தாள்:

அப்படியானால் வினாவை எப்படித் திருத்துவது?

தாமிரபரணி:

இரண்டு மாற்றங்கள் போதும். முதலாவதாக, g-ஐ 9.81 என்று கொடுங்கள். அப்போது g-ஆல் பெருக்கியவரின் விடையில் 6867 என்ற இலக்கங்கள் வரும், பெருக்காதவரின் விடையில் வெறும் 7 வரும். எத்தனை இடம் தசமப் புள்ளி நகர்ந்தாலும் அந்தத் தடம் அழியாது. இரண்டாவதாக, விடையைக் கிலோபாஸ்கலில் கேட்காமல் பாஸ்கலிலேயே கேளுங்கள். முன்னொட்டில் வரும் பிழையைச் சோதிக்க வேண்டுமென்றால் அதற்குத் தனி வினா வைக்கலாம்.

இப்போது இரண்டு பிழைகள்தான் மிஞ்சுகின்றன. இரண்டையும் செய்யாதவருக்கு 6,86,700 கிடைக்கும். g-ஐ மட்டும் விட்டவர் 70,000-க்கும், வர்க்கத்தை மட்டும் விட்டவர் 6,867-க்கும், இரண்டையும் விட்டவர் 700-க்கும் போவார்கள். நான்கு பேரும் நான்கு இடங்களில் நிற்பதால் ஒருவருடைய தவறு இன்னொருவருடைய தவறின் பின்னால் ஒளிந்துகொள்ளாது.

g-ஐ விட்டவரைப் பரிமாணத்தை வைத்தே திருத்தலாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அவருடைய கணக்கில் அலகையும் உடன் எழுதச் சொன்னால் 70,000 kg/m² என்று வரும். பாஸ்கல் என்பது kg/(m·s²). கீழே இருக்க வேண்டிய வினாடியின் வர்க்கத்தைக் காணவில்லை என்று அவரே கண்டுபிடித்துவிடுவார்.

புதுமாணவன்:

ஐயா, நான் முதலாண்டு படிக்கிறேன். இந்த வினாவை இப்போது செய்து பார்த்தபோது எனக்கும் 70 கிலோபாஸ்கல்தான் வந்தது. ஆனால் நான் g-ஐ மறக்கவில்லை. வேண்டாம் என்று நினைத்தே விட்டேன். அழுத்தம் என்றாலே பரப்பின் மேல் செயல்படும் விசை என்று படித்திருக்கிறோம். மானியில் kg/cm² என்று போட்டு அதை அழுத்தம் என்று சொன்னால், அங்கே இருக்கும் கிலோகிராம் ஏற்கெனவே விசையாகத்தானே இருக்க வேண்டும்? அதனால் அதை மறுபடியும் g-ஆல் பெருக்கக் கூடாது என்று நினைத்து, 7-ஐ அப்படியே நியூட்டனாக எடுத்துக்கொண்டேன். நீங்கள் சொன்னபடி அலகு எழுதிப் பார்த்தாலும் எனக்கு N/m² என்றுதான் வருகிறது, எதுவும் குறையவில்லை.

பழைய சுண்ணக்கட்டி:

தம்பி, நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். 70 குறித்தவர்களுக்கெல்லாம் ஒரே காரணம்தான் என்று மேலே உறுதியாகச் சொன்னேன், அது தவறு. மானியில் இருக்கும் கிலோகிராம் ஒரு விசைதான் என்று நீ நினைத்தது முழுக்கச் சரி. ஒரு கிலோகிராம் நிறையைப் பூமி இழுக்கும் விசை அது. அதன் அளவு ஒரு நியூட்டன் இல்லை, 9.81 நியூட்டன் என்ற இடத்தில்தான் வழுக்கியிருக்கிறாய். நிறைக்கும் விசைக்கும் வேறுபாடு தெரியாதவன் என்று நினைத்து உனக்கு அந்தப் பாடத்தை மறுபடி நடத்தியிருந்தால், உனக்குத் தெரிந்ததையே சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

தாமிரபரணி:

எனக்கும் இது ஒரு திருத்தம்தான். பரிமாணம் சரிபார்த்தால் g-ஐ விட்டது தெரிந்துவிடும் என்று நான் எழுதியது, கிலோகிராமை நிறையாக எடுத்துக்கொண்டவருக்கு மட்டுமே பொருந்தும். தம்பியைப் போல விசையாக எடுத்துக்கொண்டவருக்கு இரண்டு பக்கமும் விசைதான் என்பதால் பரிமாணம் ஒத்துப்போய்விடும். இரண்டு அலகுகளும் ஒரே வகையைச் சேர்ந்தவையா என்பதைத்தான் பரிமாணப் பகுப்பாய்வு சொல்லும், ஒன்று மற்றதைப் போல எத்தனை மடங்கு என்பதை அதனால் சொல்ல முடியாது. கொதிகலன்காரரின் பயிற்சிப் பொறியாளருக்கும் இதே காரணத்தால்தான் சந்தேகம் வரவில்லை. கேஜ் அழுத்தம், அப்சல்யூட் அழுத்தம் இரண்டுக்கும் பரிமாணம் ஒன்றே.

ஆகவே 70,000-ஐக் குறித்தவர்களுக்கு மட்டும் இன்னொரு சிறு வினா தேவைப்படுகிறது: "மானியில் உள்ள 7 kg என்பது எதைக் குறிக்கிறது?" விடைகளில் 7 கிலோகிராம் நிறை, 7 நியூட்டன் விசை, 68.67 நியூட்டன் விசை ஆகிய மூன்றும் இருக்கட்டும். மூன்றாவதைக் குறிப்பவர் உண்மையிலேயே மறந்தவர். அவருக்குப் பாடம் தேவையில்லை, அலகுகளை எழுதிக் கணக்கிடும் பழக்கம் போதும்.

வினாத்தாள்:

வரும் வாரம் g = 9.81 வைத்து, பாஸ்கலில் விடை கேட்டு, இந்தத் துணை வினாவையும் சேர்த்துக் கொடுக்கிறேன். இதை அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் சேர்க்கலாமா?

தாமிரபரணி:

சேர்க்காதீர்கள். ஐயா முதலில் சொன்ன ஆட்சேபம் அங்கேதான் நிற்கிறது. மாணவர் தன் விடையைப் பட்டியலில் பார்த்துத் திருப்தியோடு குறிப்பதுதான் நமக்கு வேண்டிய தகவல், ஆனால் அதே திருப்திக்காக அவருடைய மதிப்பெண்ணைக் குறைப்பது முறையில்லை.

கொதிகலன்காரர்:

மதிப்பெண் இல்லையென்றால் எத்தனை பேர் கருத்தோடு எழுதுவார்கள்? கவனமில்லாமல் குறித்த விடையிலிருந்து எந்தப் பிழையைக் கண்டுபிடிப்பீர்கள்?

பழைய சுண்ணக்கட்டி:

அதற்காகத்தான் விடைகளே கொடுக்காமல் வெறும் கட்டம் போட்டு எண்ணை எழுதச் சொல்லலாம் என்கிறேன். 700, 6867, 70000 எல்லாம் அவர்கள் கையெழுத்திலேயே வரும், நீங்கள் எதிர்பார்க்காத எண்ணும் வரும். அறுபது தாளில் ஒரு கட்டத்தைப் பார்ப்பதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அப்போது மதிப்பெண் போடுவதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

வினாத்தாள்:

ஐயா, எனக்கு நான்கு பிரிவுகள் இருக்கின்றன. ஒரு பிரிவுக்கு மட்டும் கட்டம் வைத்துப் பார்க்கிறேன், மற்ற மூன்றுக்கும் நான்கு விடைகளோடுதான். கட்டத்தில் புதிய எண் ஏதாவது வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.